ஸ்ப்ளிட்டர்னு கேட்டா கையில கிடைச்சதைக் குடுக்கறதா?

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வரவே முடியலை மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னைக்கும் எழுதற மூடு இல்லை. ஆனா போன ஞாயித்துக்கிழமை ஆவடியில அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து வயித்தெரிச்சல் தாங்கலை. எங்கயாவது கொட்டணுமே, இங்கதான் கொட்டறேன். மொக்கைன்னு நினைக்கிறவங்க இப்பவே அப்பீட் ஆயிக்கலாம் :-)

விஷயம் இதுதான். அக்கா பையன்கிட்ட ஒரு பி.எஸ்.5 இருக்கு. அவன் அண்ணன் ஓசூர்ல வேலைக்குச் சேர்ந்து மொத வருஷ போனஸ்ல வாங்கிக் குடுத்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல அண்ணன் அங்க இருந்தும் தம்பி இங்க இருந்தும் புட்பால் ஆடுவாங்க. ஆட்டம் ஒரு சாக்கு. போன்ல கூப்பிட்டா "சாப்டியா, சாப்டேன்" அப்படின்னு ரெண்டு வரியில முடிக்கிற பசங்க, ஆட்டத்துக்கு நடுவுல ஒரு மணி நேரம் பேசுவானுங்க. அக்காவும் பக்கத்துல உக்காந்து "கொஞ்சம் என்கிட்ட குடுடா" அப்படின்னு வாங்கிப் பேசும்.

கன்ட்ரோலர்லயே ஒரு மைக் இருக்கு. ஆனா அதுல பேசினா பேன் சத்தம், தெருவுல போற தண்ணி லாரி சத்தம், பட்டனைத் தட்டற சத்தம் எல்லாம் சேர்ந்து அண்ணன் காதுல விழுது. அதனால ஹெட்செட் வேணும். வீட்டுலயே ஒண்ணு சும்மா கிடக்கு. 2020-ல ஊரடங்கு வந்தப்ப, அம்பத்தூர் எஸ்டேட்ல இருந்த வேலையை வீட்டுல இருந்து பாக்கறதுக்கு அக்கா வாங்கினது. காது வலிக்காத நல்ல ஹெட்செட். ரெண்டு வருஷம் தினமும் எட்டு மணி நேரம் உழைச்ச பொருள். ஒரே ஒரு சிக்கல், அதோட முனையில ரெண்டு பிளக். பச்சை ஒண்ணு, ரோஸ் ஒண்ணு.

நம்மள்ல பல பேரு பிரவுசிங் சென்டர்ல அரை மணிக்குப் பத்து ரூபா குடுத்து வாய்ஸ் சாட் பண்ண ஆளுங்கதானே, அந்தப் பச்சையும் ரோஸும் மறந்திருக்காது. 1998-ல மைக்ரோசாப்ட்டும் இன்டெலும் சேர்ந்து போட்ட பி.சி. 99 வழிகாட்டியில வந்த நிறங்கள் அது. பச்சை காதுக்கு, ரோஸ் மைக்குக்கு. கம்ப்யூட்டருக்குப் பின்னாடி ரெண்டு ஓட்டை இருக்கும், ரெண்டையும் சொருகினா முடிஞ்சுது. ஆனா கன்ட்ரோலர்ல இருக்கறது ஒரே ஓட்டை. நடுவுல ஒரு சின்ன வயர் வேணும். அதுக்குக் கடையில சொல்ற பேரு ஸ்ப்ளிட்டர்.

இங்கதான் ஆரம்பிச்சது கொடுமை.

பையன் ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில போய் "அண்ணா, ஸ்ப்ளிட்டர் குடுங்க"ன்னு கேட்டிருக்கான். 120 ரூபாய்க்கு ஒண்ணு குடுத்தாங்க. ஒரு பிளக், ரெண்டு ஓட்டை. சொருகினா ஆட்டத்தோட சத்தம் அருமையா கேக்குது, ஆனா அண்ணனுக்கு இவன் பேசறது கேக்கலை. திரும்பக் கொண்டு போனா கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி, ஹெட்செட் மைக் அவுட்டு. புதுசு வாங்கிக்க, 2,500-ல நல்லது இருக்கு." ஹெட்செட்டைத் தொட்டுக்கூடப் பாக்காம தீர்ப்பு!

அடுத்து அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு கடை. இந்தத் தடவை பையன் உஷாரா "மைக், ஹெட்போன் ரெண்டுக்கும் வர்ற ஸ்ப்ளிட்டர்" அப்படின்னு விவரமா கேட்டான். 150 ரூபாய்க்குக் குடுத்ததைப் பாத்தா, ஒரு ஓட்டை, ரெண்டு பிளக். ஹெட்செட்லயும் ரெண்டு பிளக், வயர்லயும் ரெண்டு பிளக். எதுல எதைச் சொருகறது? பிரிச்ச கவரைத் திரும்ப வாங்க மாட்டாங்களாம்.

மூணாவது பூந்தமல்லியில வாங்கினது. உருவம் சரியா இருந்துச்சு. ஆனா சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்குது. மைதானத்துக் கூட்டத்தோட இரைச்சல் கேக்குது, வர்ணனை பண்றவர் குரலை மட்டும் காணோம். மைக்கும் ஊமை. நாலாவதா ஒரு கடைக்காரர் "இதெல்லாம் பழைய டெக்னாலஜி தம்பி, பேசாம ப்ளூடூத் ஹெட்செட் வாங்கிடு" அப்படின்னு முத்தாய்ப்பு வச்சுட்டார்.

நான் போறப்ப அந்த ஹெட்செட் குப்பைக் கூடைக்குப் பக்கத்துல கிடந்துச்சு. "வேஸ்ட்டுன்னு சொல்லிட்டாங்க மாமா" அப்படிங்கறான். அக்கா எதுவும் பேசலை. அதைத் துடைச்சு எடுத்து என் கையில குடுத்துச்சு, அவ்வளவுதான்.

முதல்ல ஹெட்செட் மேல இருந்த பழியை இறக்குவோம்னு, பரண் மேல இருந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கினேன். பச்சையைப் பச்சையில, ரோஸை ரோஸ்ல சொருகி அரை நிமிஷம் பேசிப் பதிவு பண்ணிக் கேட்டோம். கணீர்னு இருக்கு. ஆக, குத்தவாளி ஹெட்செட் இல்லை. மூணு கடையில வாங்கின மூணு வயரும்தான்.

இப்ப அந்த மூணு வயரையும் மேஜை மேல வச்சுப் பாப்போம். கன்ட்ரோலர்ல சொருகற பிளக்கை உத்துப் பாருங்க. உலோகத் தண்டுல கறுப்பு வளையம் இருக்கும். ரெண்டு வளையம் இருந்தா தண்டு மூணு துண்டு. இடது காது, வலது காது, ரெண்டுக்கும் பொதுவான எர்த். மைக்குக்கு அதுல இடமே கிடையாது. மூணு வளையம் இருந்தா நாலு துண்டு, நாலாவது துண்டுலதான் மைக். பையனோட முதல் வயர்ல ரெண்டே வளையம். ரெண்டு ஓட்டை மேலயும் ஹெட்போன் படம். அது ஒரே பாட்டை ரெண்டு பேர் கேக்கறதுக்கான வயர், ரயில்ல காதலர்கள் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் போவாங்களே, அதுக்கு. அதுல ரோஸ் பிளக்கைச் சொருகறது, தண்ணி வெளிய வர்ற குழாயில தண்ணியை உள்ள ஊத்தப் பாக்கற மாதிரி.

ரெண்டாவது வயர்ல கோளாறு எதுவும் இல்லை, திசைதான் மாறிப் போச்சு. போனோட வர்ற ஒத்தைப் பிளக் ஹெட்செட்டைப் பழைய கம்ப்யூட்டரோட ரெண்டு ஓட்டையில மாட்டறதுக்கான வயர் அது. நமக்கு வேண்டியது நேர் எதிர். கன்ட்ரோலர்ல ஓட்டை இருக்கு, அதனால வயரோட அந்த முனையில மூணு வளையம் போட்ட ஒத்தைப் பிளக் இருக்கணும். ஹெட்செட்ல ரெண்டு பிளக் இருக்கு, அதனால வயரோட இந்த முனையில ரெண்டு ஓட்டை இருக்கணும். ஒண்ணு மேல ஹெட்போன் படம், இன்னொண்ணு மேல மைக் படம்.

மூணாவதுதான் கொஞ்சம் சூட்சுமம். உருவம் சரி, வளையம் மூணு, படங்களும் சரி. ஆனா உள்ள இருக்கற ஒழுங்கு வேற. நாலு துண்டு பிளக்குல ரெண்டு சம்பிரதாயம் இருக்கு. ரெண்டுலயும் நுனி இடது காது, அடுத்தது வலது காது. தகராறு மிச்சம் இருக்கற ரெண்டு துண்டுல. சி.டி.ஐ.ஏ. முறையில மூணாவது துண்டு எர்த், அடியில இருக்கறது மைக். ஓ.எம்.டி.பி. முறையில அப்படியே தலைகீழ். பழைய நோக்கியா போன்கள் பலதுலயும் ஓ.எம்.டி.பி. இருந்துச்சு. 2007-ல வந்த ஐபோன் சி.டி.ஐ.ஏ. பக்கம் போச்சு, மத்த போன்களும் போகப்போக அந்தப் பக்கமே சாஞ்சுது. பி.எஸ்.4, பி.எஸ்.5, எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்கள் எல்லாம் சி.டி.ஐ.ஏ. தான். ஆனா பழைய ஒழுங்குல செஞ்ச வயர் இன்னும் கடையில தொங்குது.

வர்ணனையாளர் குரல் ஏன் காணாமப் போச்சு? அதுதான் எனக்கு மொத துப்பு. எர்த் சரியா கிடைக்கலைன்னா ரெண்டு காதுக்குப் போற ஒலியும் தனித்தனியா திரும்ப வழி இல்லாம, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பாய ஆரம்பிக்கும். அப்ப காதுல விழறது ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். வர்ணனையும் பாட்டுல பாடறவர் குரலும் ரெண்டு பக்கமும் ஒரே அளவுல வர்றது, அதனால ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். கூட்டத்து இரைச்சல் ரெண்டு பக்கமும் வேற வேற, அது தப்பிச்சுக்கும். ஆக, கிணத்துச் சத்தம் வந்து குரல் மட்டும் மறைஞ்சுதுன்னா, எர்த் இடம் மாறியிருக்குன்னு சந்தேகப்படலாம். பிளக் முழுசா உள்ள போகலைன்னாலும் இதே மாதிரி ஆகும். கன்ட்ரோலருக்கு ரப்பர் உறை போட்டிருந்தா முதல்ல அதைக் கழட்டிட்டு அழுத்திச் சொருகிப் பாருங்க. இங்க உறை இல்லை, அழுத்தியும் பாத்தாச்சு.

சந்தேகத்தை உறுதி பண்ண என் பையில இருந்த மல்டிமீட்டரை பீப் சத்தத்துல வச்சேன். ரெண்டு பக்கமும் பிளக் இருக்கற சாதாரண ஆக்ஸ் வயர் ஒண்ணை எடுத்து, ஒரு முனையை ஸ்ப்ளிட்டரோட ஹெட்போன் ஓட்டையில சொருகினேன். மறுமுனையில பிளாஸ்டிக்கை ஒட்டின அடித்துண்டுதான் எர்த். மீட்டரோட ஒரு ஊசியை அதுல வச்சு, இன்னொரு ஊசியால ஸ்ப்ளிட்டர் பிளக்கோட ஒவ்வொரு துண்டா தொட்டேன். நுனியில இருந்து மூணாவது துண்டுல பீப் வந்தா சி.டி.ஐ.ஏ. எனக்கு வந்தது அடித்துண்டுல. ஓ.எம்.டி.பி. மாட்டிக்கிச்சு!

சாயங்காலம் நானே அவனைக் கூட்டிக்கிட்டு ரிச்சி தெருவுக்குப் போலாம்னு கிளம்பினேன். அப்புறம்தான் ஞாயித்துக்கிழமை பாதி கடை மூடியிருக்குமேன்னு நினைவு வந்துச்சு. கடைசியில ஆவடியிலயே இன்னொரு கடையில, கவர்ல சி.டி.ஐ.ஏ.ன்னு அச்சடிச்ச ஒரு வயர் 180 ரூபாய்க்குக் கிடைச்சுது. மீட்டர் வச்சுப் பாத்தேன், மூணாவது துண்டுல பீப். மாட்டினோம். `Settings`-ல `Sound` போய், மைக் அளவு காட்டற பட்டையைப் பாத்துக்கிட்டே பையனைப் பேசச் சொன்னேன். பட்டை ஏறி இறங்குச்சு. அவன் மூஞ்சியைப் பாக்கணுமே! (பட்டை அசையவே இல்லைன்னா பயப்படாதீங்க. பி.எஸ். பட்டனுக்குக் கீழ ஒரு சின்ன மியூட் பட்டன் இருக்கு. அது ஆரஞ்சு நிறத்துல எரிஞ்சா மைக்கை நீங்களே அணைச்சு வச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.)

ராத்திரி அண்ணன் வந்தான். முதல் வார்த்தையே, "டேய், உன் ஆட்டத்துச் சத்தம் எனக்கு லேசா கேக்குதுடா." போச்சுடா! இதுக்கும் காரணம் உண்டு. கன்ட்ரோலர்ல இருந்து ஸ்ப்ளிட்டரோட கவடு வரைக்கும் காதுக்கும் மைக்குக்கும் எர்த் கம்பி ஒண்ணுதான். காதுக்குப் போன ஒலி திரும்பி வர்றப்ப அந்த மெல்லிசுக் கம்பியில கொஞ்சம் சத்தத்தை விட்டுட்டுப் போகும், மைக் அதையும் சேர்த்து எடுத்துக்கும். அந்தப் பொதுப் பாதை எவ்வளவு நீளமோ அவ்வளவு தொல்லை. பையன் என்ன பண்ணியிருந்தான்னா, சோபாவுல சாஞ்சு ஆடறதுக்காகக் கன்ட்ரோலருக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் நடுவுல ஒன்றரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டிருந்தான். அதைப் புடுங்கி எறிஞ்சு, காதுச் சத்தத்தை ரெண்டு புள்ளி குறைச்சு, மைக் அளவையும் கொஞ்சம் இறக்கினதும் அண்ணனுக்குத் தெளிவாயிடுச்சு. நீளம் வேணும்னா ஸ்ப்ளிட்டருக்கு அப்புறம், ஹெட்செட் பக்கம் பச்சைக்கும் ரோஸுக்கும் தனித்தனியா போட்டுக்கணும். அங்க ரெண்டும் வேற வேற பாதை.

சரி, இப்ப சண்டைக்கு வர்றேன்.

முதல் கேள்வி கடைக்காரங்களுக்கு. அண்ணாச்சி, உங்ககிட்ட நூறு வகை வயர் இருக்கு, எல்லாத்தோட ஜாதகமும் தெரிஞ்சிருக்கணும்னு நான் சொல்லலை. ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "எதுல இருந்து எதுக்கு?" இந்த ஒரு கேள்வியை முதல் கடையில கேட்டிருந்தா முதல் ரெண்டு வயரும் வித்திருக்காது. "ஹெட்செட் வேஸ்ட்டு" அப்படின்னு சொல்றதுக்கு முன்னாடி, உங்க கடைக் கம்ப்யூட்டர்லயே ரோஸ் பிளக்கைச் சொருகி ஒரு ஹலோ சொல்லிப் பாத்திருக்கலாமே? 120 ரூபாய் வயரைத் தப்பாக் குடுத்துட்டு, அந்தத் தப்பைச் சாக்கா வச்சு 2,500 ரூபாய் சாமானை விக்கறதுக்குப் பேரு வியாபாரமா?

ரெண்டாவது, ப்ளூடூத் வாங்கச் சொல்ற புத்திசாலிகளுக்கு. பி.எஸ்.5 சாதாரண ப்ளூடூத் ஹெட்செட்டோட நேரடியா சேராது. எக்ஸ்பாக்ஸும் சேராது. அதுக்குன்னே செஞ்ச வயர்லெஸ் ஹெட்செட்டோ தனி டாங்கிளோ வேணும். பையன் அந்தப் பேச்சைக் கேட்டு வாங்கியிருந்தா அந்தக் காசும் தெண்டம். வயர்லெஸ் வசதியானதுதான், நான் இல்லைங்கலை. ஆனா தெரியாத விஷயத்துல "பழைய டெக்னாலஜி" அப்படின்னு ஒரு முத்திரை குத்திட்டா எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஆயிடுமா?

நியாயமான மாத்து வழி ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். யு.எஸ்.பி.யில சொருகற குட்டி சவுண்ட் கார்டுல பச்சைக்கும் ரோஸுக்கும் தனித்தனி ஓட்டை இருக்கும். பி.எஸ்.4, பி.எஸ்.5-ல அது பொதுவா வேலை செய்யும், எர்த் தகராறும் இல்லை. ஆனா வயர் கன்சோல்ல இருந்து சோபா வரைக்கும் நீளணும். எக்ஸ்பாக்ஸ்ல இந்தச் சாதாரண யு.எஸ்.பி. கார்டு எடுக்காது, அங்க கன்ட்ரோலர் ஓட்டைதான் கதி. 2013-ல எக்ஸ்பாக்ஸ் ஒன்னோட வந்த முதல் கன்ட்ரோலர்ல அந்த ஓட்டையும் கிடையாது, 2015-ல வந்த மாடல்ல இருந்துதான் உண்டு. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டரோட ப்ளூடூத்ல சேர்த்து ஆடினா, ஹெட்செட்ல மூச்சே வராது. அதுக்கு யு.எஸ்.பி. வயர்ல மாட்டணும். இதெல்லாம் ஸ்ப்ளிட்டரோட குத்தம் இல்லை, எவ்வளவு நல்ல வயரா இருந்தாலும் இங்க ஒண்ணும் பண்ண முடியாது.

மூணாவது, இந்த வயரைச் செய்யறவங்களுக்கு. கவர் மேல "ஹை குவாலிட்டி", "கோல்டு பிளேட்டட்" அப்படின்னு போட இடம் இருக்கு. பிளக் படத்தைப் போட்டு எந்தத் துண்டு எதுக்குன்னு நாலு எழுத்து அச்சடிக்க இடம் இல்லையா? தங்க முலாம் பூசி என்ன பிரயோஜனம், எர்த் தப்பான இடத்துல இருந்தா?

கடைசியா நமக்கு. ஸ்ப்ளிட்டர்ங்கற பேரே ஏமாத்து. அந்தப் பேர்ல மூணு சாமான் விக்குது. ஒண்ணு ஒரே சத்தத்தை ரெண்டு பேருக்குப் பங்கு போடுது. ஒண்ணு ஒத்தைப் பிளக்கை ரெண்டாப் பிரிக்குது. நமக்கு வேண்டியதோ ரெண்டு பிளக்கை ஒண்ணாச் சேர்க்குது. சேர்க்கற வயரைப் போய் பிரிக்கற பேரைச் சொல்லிக் கேட்டா என்ன கிடைக்கும்? இனிமே கடையில இப்படிக் கேளுங்க: "கன்ட்ரோலர் பக்கம் மூணு வளையம் போட்ட ஒரு பிளக், ஹெட்செட் பக்கம் மைக்குக்கு ஒரு ஓட்டை, ஹெட்போனுக்கு ஒரு ஓட்டை, சி.டி.ஐ.ஏ." நீளமா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா பையன் மூணு கடையில விட்ட காசையும் அலைஞ்ச அலைச்சலையும் விட நீளம் கம்மிதான்.

அன்னைக்கு ராத்திரி பத்தரை மணிக்கு நான் கிளம்பறப்ப, அந்த ஹெட்செட் அக்கா தலையில இருந்துச்சு. ஆட்டம் எப்பவோ முடிஞ்சு போச்சு. பையன் தூங்கி வழியறான். அக்கா கன்ட்ரோலரைத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு ஓசூர்ல இருக்கறவன்கிட்ட ரசம் வைக்கறது எப்படின்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. புளியை ரொம்பக் கரைக்காதடான்னு.

டிஸ்கி: மிச்சம் இருக்கற மூணு வயரும் என்கிட்டதான் இருக்கு. காதலர்கள் யாராவது கேட்டா முதல் வயர் இலவசம். ஓ.எம்.டி.பி. வயர் பழைய நோக்கியா போன் இன்னும் வச்சிருக்கற பதிவருக்கு. யாருன்னு நான் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும் ;-)